கையில் எவ்வளவு கிட்டும்? ஆங்கிலச் சம்பளக் கடிதத்தைத் தமிழில் படித்துச் சொல்ல ஒரு வழிகாட்டி

கருங்கல் பக்கம் எங்கள் ஊரில் எந்தப் பிள்ளைக்கு வேலைக் கடிதம் வந்தாலும், அது இரண்டு மூன்று நாளில் என் வீட்டுத் திண்ணைக்கும் வந்துவிடும். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியின் சம்பளப் பிரிவில் பல வருஷம் குப்பை கொட்டியவன் நான். வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "கையில எவ்வளவு கிட்டும்?" நாலு பக்கக் கடிதத்தில் எத்தனையோ எண்கள் இருக்கும். இந்த ஒரு எண்ணை மட்டும் பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்கள். அதை நாம்தான் கணக்குப் போட்டு எடுக்க வேண்டும்.

வீட்டில் முதன்முதலாக இப்படி ஒரு கடிதத்தை அம்மா அப்பாவுக்கோ பக்கத்து வீட்டாருக்கோ தமிழில் படித்துச் சொல்ல வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லா வகை வேலையையும் தொடப் போவதில்லை. போன வருஷம், 2025 ஜூனில், என் கைக்கு வந்த ஒரே ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு வரி வரியாகப் போவோம்.

கொண்டுவந்தவர் அண்டி ஆபீசில், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையில், வேலை பார்க்கும் ஒரு அக்கா. நான் வயதில் மூத்தவன் என்றாலும் ஊரே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். மகனுக்குத் திருவனந்தபுரத்தில் கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. கடிதத்தின் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் வருஷத்துக்கு 4,20,000 ரூபாய். அவரே பன்னிரண்டால் வகுத்து வைத்திருந்தார். "மாசம் முப்பத்தஞ்சு கிட்டும்லா அண்ணே?" அந்த நம்பிக்கையில் மாதம் 10,000 கட்டும் ஏலச்சீட்டு ஒன்றில் சேரப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது.

முதலில் பின்னிணைப்பைத் தேடுங்கள்

முதல் பக்கத்தை மொழிபெயர்க்க உட்காராதீர்கள். அங்கே இருப்பது வாழ்த்தும், பதவியின் பெயரும், சேர வேண்டிய தேதியும்தான். சம்பளம் உண்மையில் இருப்பது கடைசியில் 'அனெக்ஷர்' என்ற தலைப்பில் வரும் அட்டவணையில். அந்தப் பக்கம் இல்லாமல் கடிதம் வந்திருந்தால் கணக்குப் போட வழியில்லை. அதைக் கேட்டு வாங்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அக்கா கொண்டுவந்த கடிதத்தில் அது இருந்தது. இப்படி, மாதக் கணக்கும் வருஷக் கணக்குமாக:

பேசிக்: 16,000 / 1,92,000
ஹெச்.ஆர்.ஏ.: 6,400 / 76,800
ஸ்பெஷல் அலவன்ஸ்: 6,600 / 79,200
கிராஸ்: 29,000 / 3,48,000
எம்ப்ளாயர் பி.எஃப்.: 1,800 / 21,600
கிராஜுவிட்டி: 769 / 9,231
குரூப் இன்சூரன்ஸ்: 431 / 5,169
வேரியபிள் பே: 3,000 / 36,000
சி.டி.சி.: 35,000 / 4,20,000

மாதக் கட்டத்தின் அடியில் 35,000 என்றே அச்சடித்திருக்கிறார்கள், பாருங்கள். அக்கா வகுத்ததில் தப்பே இல்லை. ஆனால் அந்த 35,000 எந்த மாதமும் பையனின் வங்கிக் கணக்குக்கு வராது.

சொல்லுக்குச் சொல் போகாதீர்கள், பணம் போகும் வழியைப் பாருங்கள்

நான் ஆரம்பத்தில் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். 'கிராஸ்' என்பதை 'மொத்தச் சம்பளம்' என்று எழுதினேன். 'சி.டி.சி.' வந்தபோது அதையும் 'மொத்தச் சம்பளம்' என்றே எழுதினேன். அகராதி என்னைக் குற்றம் சொல்லாது. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவருக்கு இரண்டு மொத்தம் வந்துவிட்டது. பெரிய மொத்தத்தைத்தான் அவர் மனதில் வைத்துக்கொண்டார். மகன் முதல் மாதச் சம்பளத்தை அனுப்பியபோது, பாதியை அவனே செலவழித்துவிட்டான் என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தார்.

அதிலிருந்து, எந்த வரியையும் தமிழாக்கும் முன் ஒரு பென்சிலை எடுத்துக்கொள்வேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதுவேன்: 'மாசம்', 'பிறகு', 'வராது'. மாதா மாதம் வருவதா, நம் பெயரில் சேர்ந்து பிற்பாடு வருவதா, நமக்காகச் செலவானாலும் பணமாக வரவே வராததா என்பதுதான் விஷயம். இந்தக் குறியைப் போட்டுவிட்டால் தமிழ்ச் சொல் தானாக வந்து நிற்கும்.

சி.டி.சி. என்றால் உங்களை வேலைக்கு வைத்துக்கொள்ளக் கம்பெனிக்கு வருஷத்துக்கு ஆகும் செலவு. அது சம்பளமே அல்ல. எனவே 'சம்பளம்' என்ற சொல்லை அதன் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. 'கம்பெனிக்கு ஆகும் செலவு' என்று சொன்னால் போதும், யாரும் அதைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்க்க மாட்டார்கள்.

பேசிக் என்பது அடிப்படைச் சம்பளம். 'மாசம்'. கடிதத்தில் இதுதான் ஆணிவேர். மற்ற எண்களில் பல இதிலிருந்துதான் கிளை விடுகின்றன. ஹெச்.ஆர்.ஏ. என்பது வீட்டு வாடகைப்படி. இங்கே அது பேசிக்கில் நாற்பது சதவீதம். வாடகை வீட்டில் இருந்தால்தான் கிடைக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. குழித்துறையில் ரயிலேறி தினம் போய்வந்தாலும் அந்த 6,400 வரும். 'மாசம்' என்றே எழுதலாம்.

ஸ்பெஷல் அலவன்ஸை 'சிறப்புச் சலுகை' என்று ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். யாரும் சலுகை காட்டவில்லை. பேசிக்கும் வாடகைப்படியும் போக, கிராஸ் தொகையைச் சரிக்கட்ட மிச்சமாக வைக்கும் தொகைதான் அது. 'இதரப்படி' என்று சொல்லுங்கள். இதுவும் 'மாசம்'. அரசு வேலைக் கடிதம் என்றால் இந்த இடத்தில் அகவிலைப்படி வரும். அது விலைவாசியோடு ஏறுவது. தனியார் கம்பெனியின் இதரப்படி தானாக ஏறாது.

இந்த மூன்றையும் கூட்டினால் 29,000. இதுதான் கிராஸ். இதை நான் 'பிடித்தத்துக்கு முந்தின சம்பளம்' என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான். ஆனால் இன்னும் ஏதோ பிடிக்கப் போகிறார்கள் என்பதைச் சொல்லிலேயே வைத்துவிடுகிறது.

கிராஸுக்குக் கீழே இருக்கும் நாலு வரிகள்

குழப்பமெல்லாம் இங்கேதான், அதனால் நிதானமாகப் போகலாம்.

எம்ப்ளாயர் பி.எஃப். என்பது கம்பெனி தன் பங்காகப் போடும் வருங்கால வைப்பு நிதி. 'பிறகு'. பையனின் பெயரில் சேரும், கைக்கு வராது. கீழே பிடித்தங்களில் அவன் பங்காக இன்னொரு 1,800 வரும். அக்கா கையை உயர்த்தினார். "ரெண்டு தடவை பிடிப்பாங்களா?" நல்ல கேள்வி. கம்பெனிப் பங்கையும் சி.டி.சி.க்குள் சேர்த்துக் காட்டியதால், அந்த 35,000லிருந்து பார்த்தால் ஆமாம், 3,600 போகிறது. 29,000லிருந்து பார்த்தால் ஒரு 1,800தான் போகிறது. அதனால்தான் கணக்கை எப்போதும் 29,000லிருந்து தொடங்க வேண்டும்.

12 சதவீதம் என்றால் 16,000க்கு 1,920 வர வேண்டுமே, ஏன் 1,800? பி.எஃப். சட்டத்தில் கட்டாயமான உச்ச வரம்பு 15,000. அதில் 12 சதவீதம் 1,800. அதற்கு மேல் பேசிக் இருந்தாலும் 1,800 மட்டும் போட்டால் போதும் என்று பல கம்பெனிகள் நிறுத்திக்கொள்கின்றன. சில கம்பெனிகள் முழு பேசிக்குக்கும் போடும். அப்படியானால் இருபக்கமும் 1,920 ஆகும், கைக்கு வருவது 120 குறையும், வைப்பு நிதி 240 கூடும். எது என்று அட்டவணையின் எண்ணைப் பார்த்தாலே தெரியும். 1,800 என்றிருந்தால் வரம்போடு நிறுத்தியிருக்கிறார்கள்.

கிராஜுவிட்டி என்பது பணிக்கொடை. வேலையை விட்டு வெளியே வரும்போது, வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் கொடுப்பது. மாதத்தை 26 வேலை நாளாக எடுத்துக்கொள்வார்கள்:

```
16,000 × 15 ÷ 26 = 9,231
```

அட்டவணையில் இருக்கும் அதே எண். ஆனால் நிரந்தர வேலைக்காரர் ஐந்து வருஷம் முடிக்காமல் விலகினால் இது கிடைக்காது. இரண்டு வருஷத்தில் வேறு கம்பெனிக்குத் தாவ நினைக்கும் பிள்ளைக்கு இதன் பக்கத்தில் 'பிறகு' என்று எழுதுவதா, 'வராது' என்று எழுதுவதா? நான் 'பிறகு' என்று எழுதி, அடைப்பில் 'ஐந்து வருஷம்' என்று போடுவேன்.

குரூப் இன்சூரன்ஸ், மருத்துவக் காப்பீட்டுக்குக் கம்பெனி கட்டும் பிரீமியம். 'வராது'. வீண் என்று அர்த்தமில்லை, பணமாக வராது, அவ்வளவுதான். அட்டை அம்மா அப்பாவுக்கும் செல்லுமா என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் வேரியபிள் பே. கடிதத்திலேயே ஆபத்தான வரி இதுதான். மாதக் கட்டத்தில் 3,000 என்று அழகாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் மூன்று நிபந்தனைகள் இருந்தன: வருஷத்துக்கு ஒரு முறைதான் தருவார்கள், அவனுடைய வேலைத்திறனையும் கம்பெனியின் லாபத்தையும் பார்த்துத் தொகை கூடலாம், குறையலாம், பணம் கொடுக்கும் தேதியில் அவன் வேலையில் இருக்க வேண்டும், ராஜினாமா கொடுத்திருக்கக் கூடாது. 'மாறும் ஊதியம்' என்று மொழிபெயர்த்தால் இதெல்லாம் தெரியாது. 'வந்தால் வரும் பணம்' என்று அக்காவிடம் சொன்னேன். 'பிறகு' என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி ஒன்றும் போட்டேன்.

இன்னொரு கடிதத்தோடு ஒப்பிடும்போதுதான் இதன் விளையாட்டு தெரியும். நாகர்கோவிலில் ஒரு கம்பெனி இதே பேசிக், இதே படிகள், வேரியபிள் பே மட்டும் இல்லாமல் கொடுத்தால் அதன் சி.டி.சி. 3,84,000 ஆகும். பார்வைக்கு 36,000 குறைவு. மாதா மாதம் கையில் வருவது இரண்டிலும் ஒன்றுதான். வீட்டிலிருந்தே போய்வரலாம் என்றால் நாகர்கோவிலில் மிச்சமும் பிடிக்கலாம்.

பிடித்தங்கள்

'டிடக்ஷன்ஸ்' என்பதைக் கழிவுகள் என்று எழுதாதீர்கள், படிப்பவருக்குச் சாக்கடைதான் நினைவுக்கு வரும். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சொல் 'பிடித்தம்'. அண்டி ஆபீஸ் சம்பளச் சீட்டிலும் பி.எஃப். பிடித்தம், ஈ.எஸ்.ஐ. பிடித்தம் என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இந்தப் பையனுக்கு முதல் பிடித்தம், அவன் பங்கு பி.எஃப். 1,800.

இரண்டாவது, தொழில் வரி. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இதை வசூலிப்பது வருமான வரித் துறை அல்ல, வேலை பார்க்கும் இடத்து உள்ளாட்சி அமைப்பு. கணக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. அரசியல் சட்டப்படி ஒருவரிடம் வருஷத்துக்கு 2,500க்கு மேல் வாங்க முடியாது. மாதம் 29,000 வாங்குகிறவர் ஆறு மாதம் முழுதாக வேலை பார்த்தால், களியக்காவிளை எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு என்றாலும் அந்தப் பக்கம் கேரளம் என்றாலும் அரை வருஷத்துக்கு 1,250 வரும். சில கம்பெனிகள் மாதம் 208 என்று பிரித்துப் பிடிக்கும். இந்தக் கம்பெனி ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் மொத்தமாகப் பிடிக்கும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தது. இப்படி இருந்தால் வருஷத்தில் இரண்டு மாதம் சம்பளம் திடீரென்று குறையும். முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால் யாரும் பதறமாட்டார்கள்.

மூன்றாவது, வருமான வரி. 'டி.டி.எஸ். அஸ் அப்ளிகபிள்', அதாவது பொருந்தினால் வருமான வரியைச் சம்பளத்திலேயே பிடிப்போம் என்ற வரியைப் பார்த்ததும் வீட்டில் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறையில், சம்பளக்காரருக்கு முதலில் 75,000 நிலையான கழிவு உண்டு. அதுபோக மிஞ்சும் வருமானத்தில் 4,00,000 வரை வரி கிடையாது. பையனின் வருஷச் சம்பளம் 3,48,000. வேரியபிள் முழுதும் வந்தாலும் 3,84,000. கழிவுக்குப் பின் 3,09,000. ஆக வரி பூஜ்யம். உண்மையில் அந்த ஆண்டில் 12,75,000 வரை சம்பளம் மட்டுமே வருமானமாக உள்ளவருக்கும் தள்ளுபடி கிடைத்து வரி இல்லாமல் போகும். எனவே இந்த அளவுக் கடிதத்தில் அந்த வரியைப் பார்த்துக் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு இவனுக்கு இல்லை. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்குத்தான் அது. திங்கள்சந்தையில் ஒரு கடையில் 20,500க்குச் சேரும் பெண்ணுக்கு என்றால், அவள் பங்கு 0.75 சதவீதம், அதாவது 154 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளி பங்கு 3.25 சதவீதம். ஊதிய உயர்வு வந்து 21,000ஐத் தாண்டிய பிறகும் சில மாதம் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். அது தப்பல்ல. ஈ.எஸ்.ஐ. கணக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று அரை வருஷமாக ஓடுகிறது. இடையில் தாண்டினாலும் அந்த அரை வருஷம் முடியும்வரை பிடித்தமும் தொடரும், மருத்துவ வசதியும் தொடரும்.

கூட்டிக் கழித்தால்

அக்கா முன்னால் ஒரு பழைய நோட்டில் இப்படித்தான் எழுதினேன்:

```
29,000 - 1,800         = 27,200
29,000 - 1,800 - 1,250 = 25,950
```

சாதாரண மாதத்தில் 27,200. தொழில் வரி முழுசாகப் பிடிக்கும் இரண்டு மாதத்தில் 25,950. இதுதான் அவர் கேட்ட 'கையில் கிட்டுவது'. நிகர ஊதியம் என்று பாடப்புத்தகம் சொல்வதும் இதைத்தான். ஆனால் அந்தச் சொல்லைத் திண்ணையில் சொன்னால் அது என்ன என்று மறுபடியும் விளக்க வேண்டும்.

அக்கா கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மகனுடைய செலவைச் சொல்லச் சொன்னேன். விடுதியும் சாப்பாடும் 8,500. படிப்புக் கடன் தவணை 7,400. இரண்டும் போனால் 11,300 மிஞ்சும். சீட்டுக்கு 10,000 கட்டினால் 1,300ல் அவன் மாதத்தை ஓட்ட வேண்டும். ஆகஸ்ட் மாதம் அந்த 1,300ம் மிஞ்சாமல் போகலாம். 35,000 என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போட்டபோது இதே இடத்தில் 9,100 மிஞ்சியிருந்தது. "அப்ப அஞ்சாயிரம் சீட்டுக்குச் சொல்லீருதேன்" என்றார். சீட்டு நடத்துகிறவருக்குக் கொஞ்சம் வருத்தம் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

பிள்ளைகள் கம்பெனியிடம் சம்பளம் பற்றிக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கேட்பதில் தப்பே இல்லை, ஆனால் கேள்வி சரியாக இருக்க வேண்டும். "டேக் ஹோம் எவ்வளவு?" என்று கேட்டால் சில இடங்களில் வேரியபிளையும் சேர்த்து ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார்கள். "வேரியபிள் வராத ஒரு சாதாரண மாதத்தில், எல்லாப் பிடித்தமும் போக, வங்கிக் கணக்கில் எவ்வளவு விழும்?" என்று எழுத்தில் கேளுங்கள். பதிலும் மின்னஞ்சலில் வரட்டும். அட்டவணையில் இல்லாமல் வேறு ஏதாவது பிடிப்பார்களா, அதாவது கம்பெனிப் பேருந்து, கேன்டீன், பயிற்சிக் கட்டணம் என்று எதாவது உண்டா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம். பையனின் கடிதத்தில் ஒரு மூலையில், பேருந்து வசதியைப் பயன்படுத்தினால் மாதம் 1,500 பிடிக்கப்படும் என்று இருந்தது. விடுதி நடக்கும் தூரம் என்பதால் அவனுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு வகைக் கடிதமும் வரும், அதைப் பார்த்தால் நிறுத்தி யோசியுங்கள். பி.எஃப். வரி இருக்காது, பணிக்கொடை இருக்காது, 'கன்சல்டன்ட்' என்றும் மாதம் இவ்வளவு 'ஃபீஸ்' என்றும் இருக்கும், பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடிப்போம் என்று எழுதியிருப்பார்கள். அது சம்பளக் கடிதமே அல்ல. அந்தப் பிள்ளை அங்கே ஊழியர் இல்லை, வெளியாள். பிடித்த பத்து சதவீதத்தை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம், வரி வரம்புக்குக் கீழே இருந்தால். ஆனால் வைப்பு நிதியும் விடுப்பும் கிடையாது. தமிழில் சொல்லும்போது 'சம்பளம்' என்று சொல்லாமல் 'வேலைக்கான கட்டணம்' என்றே சொல்லுங்கள்.

இப்போது வரும் கடிதங்களில் பேசிக் கொஞ்சம் பெரிதாக இருப்பதைக் கவனிக்கிறேன். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, வாடகைப்படி போல ஊதியத்தில் சேராதவை எல்லாம் கூடி மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்கிடப்படும். பேசிக்கைச் சின்னதாக வைத்துப் படிகளை ஊதிக் காட்டும் பழைய வித்தை இனி அவ்வளவு எடுபடாது. பணிக்கொடைத் தொகை இதனால் கூடும். அதையும் சி.டி.சி.க்குள் வைத்தால் மாதச் சம்பளம் கொஞ்சம் குறையலாம். பி.எஃப். 1,800 என்று வரம்போடு நிறுத்தியிருந்தால் அது அப்படியேதான் இருக்கும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டு எடுக்கப்படும் ஊழியருக்கு இந்தத் தொகுப்பின்படி ஒரு வருஷத்திலேயே பணிக்கொடை உரிமை வருகிறது. அந்த மாதிரிக் கடிதத்தில் 'ஐந்து வருஷம்' என்று எழுதிவிடாதீர்கள்.

முதல் சம்பளச் சீட்டு வந்ததும்

பையன் ஜூலை 7ஆம் தேதி சேர்ந்தான். மாதக் கடைசியில் அக்கா மறுபடி வந்துவிட்டார். கையில் வந்தது 21,839. "நீங்க இருபத்தேழுன்னு சொன்னீங்களே அண்ணே." சீட்டை வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். 31 நாள் மாதத்தில் அவன் சம்பள நாள் 25:

```
29,000 × 25 ÷ 31 = 23,387
16,000 × 25 ÷ 31 = 12,903
12,903 × 12%     = 1,548
23,387 - 1,548   = 21,839
```

பேசிக்கும் அந்த மாதத்துக்கு 12,903 ஆகக் குறைந்ததால் பி.எஃப். பிடித்தமும் 1,800க்குப் பதில் 1,548. பைசா கணக்குவரை சரியாக இருந்தது. சில கம்பெனிகள் 31க்குப் பதிலாக எல்லா மாதத்தையும் 30ஆல் வகுக்கும், சில 26ஆல். சம்பளமில்லா விடுப்பு எடுத்தாலும் இதே கணக்குதான். எனவே எந்த எண்ணால் வகுக்கிறார்கள் என்பதை முதல் சீட்டிலேயே கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இரண்டு மாதத்துக்குள் பி.எஃப். பாஸ்புக்கையும் பார்க்கச் சொன்னேன். சீட்டில் பிடித்ததாகக் காட்டிவிட்டுக் கட்டாமல் விடும் இடங்களும் உண்டு, அது பாஸ்புக்கில்தான் தெரியும். அங்கே மூன்று கட்டங்கள் இருக்கும்: ஊழியர் பங்கு, கம்பெனிப் பங்கு, பென்ஷன். அக்காவின் பாஸ்புக்கில் கம்பெனிப் பங்கு இரண்டாகப் பிரிந்து, 8.33 சதவீதம் பென்ஷனுக்கும் மிச்சம் 3.67 சதவீதம் வைப்பு நிதிக்கும் போகிறது. மகனுக்கு அப்படிப் பிரியக் கூடாது. 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முறையாகச் சேருபவரின் பேசிக் 15,000க்கு மேல் இருந்தால் அவர் பென்ஷன் திட்டத்தில் வரமாட்டார். கம்பெனிப் பங்கு முழுதும் வைப்பு நிதிக்கே போக வேண்டும். சம்பளப் பிரிவில் இருப்பவர்களே இதில் தவறுவார்கள், 1,250 பென்ஷன் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வருஷங்கள் கழித்துப் பணத்தை எடுக்கப் போகும்போதுதான் விண்ணப்பம் திரும்பி வரும்.

செப்டம்பரில் அவன் எனக்கு ஒரு படம் அனுப்பினான். ஆகஸ்ட் மாத வரியில் ஊழியர் பங்கு 1,800, கம்பெனிப் பங்கு 1,800, பென்ஷன் 0. "மாமா, இந்த பூஜ்யம் சரிதானே?" என்று கேட்டிருந்தான். சரிதான் மக்களே என்று பதில் போட்டேன்.